காய்ச்சல் போன தடம்

நவம்பர் மழையில் டெங்கு வந்து ஆறு நாள் படுத்துக் கிடந்த ஒரு பெண், பிப்ரவரி 20ஆம் தேதி தோல் மருத்துவரிடம் வருகிறார். தலைவாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது, குளியலறைச் சல்லடை அடைத்துக்கொள்கிறது. எண்ணெயை மாற்றிப் பார்த்தாயிற்று, போர்த் தண்ணீரைக் குறை சொல்லியாயிற்று. மருத்துவர் தலையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைக்கச் சொல்லிக் கட்டைவிரல் நகங்களைப் பார்க்கிறார். பிறகு கேட்கிறார்: “நவம்பர் தொடக்கத்துல பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?”

கணக்குக்காக நான் உருவாக்கிக்கொண்ட நோயாளி இவர். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் பிறகு தோல் மருத்துவர்கள் இவரைப் போன்றவர்களைப் பார்க்கிறார்கள். அந்தக் கேள்வியில் மந்திரம் எதுவும் இல்லை. வியர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி, மயிர்க்கால், நகம் ஆகிய நான்கும் ஒரே காய்ச்சலை நான்கு விதமாக எதிர்கொள்கின்றன என்பது தெரிந்தால் யாரும் கேட்டுவிடலாம்.

நான்கும் கருவில் ஒரே இடத்திலிருந்து வருபவை. மேல்தோல், கீழிருக்கும் திசு கொடுக்கும் சைகைக்கு இணங்கி, சில இடங்களில் உள்நோக்கி முளைவிடுகிறது. அப்படி இறங்கிய முளை ஓரிடத்தில் முடியாகிறது. அந்த முடியின் பக்கவாட்டில் புடைத்தெழுவது எண்ணெய்ச் சுரப்பி. தனியாக ஆழத்துக்குப் போய்ச் சுருண்டுகொள்வது வியர்வைச் சுரப்பி. விரல் நுனியில் மட்டும் அது கீழ்நோக்கிச் செல்லாமல் சாய்வாகப் பின்னோக்கி நுழைந்து நகமாகிறது. கைவிரல் நகம் விரல் நுனியை எட்ட ஏறத்தாழ 32 வாரம் ஆகும், கால்விரல் நகத்துக்கு 36 வாரம். குறைமாதக் குழந்தையின் நகத்தைப் பழைய மருத்துவச்சிகள் தடவிப் பார்த்ததில் நியாயம் இருக்கிறது.

காய்ச்சல் இறங்கும்போது முதலில் பதில் சொல்வது வியர்வைச் சுரப்பி. ஊதா, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய தோல் சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அடித்தோலும் கொழுப்பும் சந்திக்கும் ஆழத்தில் சின்னச் சின்ன வளையங்கள் கொத்தாகத் தெரியும். மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் அதைப் பத்துப் பன்னிரண்டு சுரப்பிகள் என்று எண்ணிவிடுவார்கள். உண்மையில் அது ஒரே குழாய். சுருண்டு கிடப்பதால் கத்தி அதைப் பல இடங்களில் வெட்டியிருக்கிறது. கூர்ந்து பார்த்தால் வளையங்கள் இரண்டு வகை. வெளிறிய, சற்றே பெரியவை வியர்வையைச் சுரக்கும் பகுதி. அடர்ந்த நிறத்தில் இரண்டடுக்குச் செல்களோடு இருப்பவை அதை மேலே கொண்டுபோகும் நாளம். சுரக்கும் பகுதியைச் சுற்றி, சுருங்கக்கூடிய மெல்லிய செல்கள் தழுவிக்கொண்டிருக்கும். ஊறிய நீர் கிட்டத்தட்ட இரத்த நீரின் உப்போடுதான் கிளம்புகிறது. மேலேறும் வழியில் நாளத்தின் செல்கள் உப்பில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வேகமாக வியர்க்கும்போது எடுக்க நேரம் போதாது. அதனால்தான் கடும் வெயிலில் வழியும் வியர்வை அதிகம் கரிக்கிறது.

இந்தச் சுரப்பியின் செல், தான் தயாரித்ததை மட்டும் வெளியே அனுப்பிவிட்டுத் தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நரம்பு சொன்னதும் சில நிமிடங்களில் ஊறும், சொல்லாவிட்டால் சும்மா இருக்கும். எனவே காய்ச்சல் அதில் தடம் எதையும் விடுவதில்லை. அது தவறுவது வேறொரு வகையில். கத்திரி வெயிலில், தோலின் உச்சி அடுக்குக்குள் திருகு ஆணிபோல் சுழன்று வரும் நாளத்தின் கடைசிப் பகுதி அடைத்துக்கொண்டால் வியர்வை பக்கவாட்டில் கசிகிறது. அடைப்பு மிக மேலே இருந்தால் பனித்துளி போன்ற கொப்புளம், அரிப்பு கிடையாது. சற்றுக் கீழே இருந்தால் சிவந்து சுணைக்கும் வேர்க்குரு. சுரப்பியில் குறை ஒன்றும் இல்லை, வாசலில்தான் அடைப்பு. பவுடரை அப்புவதைவிட உடம்பைக் குளிர வைப்பதே மேல்.

எண்ணெய்ச் சுரப்பியின் பிழைப்பு இதற்கு நேர் எதிர். அது மயிர்க்காலின் கழுத்தை ஒட்டித் தொங்கும் சிறு பைகளின் கொத்து. பையின் ஓரத்தில் தட்டையான, சிறிய செல்கள் பிரிந்து பெருகுகின்றன. அங்கிருந்து நடுவை நோக்கி நகர நகர ஒவ்வொன்றும் கொழுப்பால் உப்புகிறது. சாயமேற்றும் வேலையில் கொழுப்பு கரைந்து போய்விடுவதால் சிலைடில் அவை நுரை பொங்கிய வெற்றறைகளாகத் தெரியும். உட்கரு கசங்கிச் சுருங்கி நடுவில் கிடக்கும். நடுவை அடைந்ததும் செல் உடைந்து முழுவதுமாகக் கரைகிறது. முகத்தில் மினுக்கும் எண்ணெய் ஒரு செல் வெளியேற்றிய பொருள் அல்ல, அந்தச் செல்லேதான். ஓரத்தில் பிறந்து நடுவில் உடைய ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம். காய்ச்சல் இங்கும் கண்ணுக்குத் தெரியும் தடத்தை விடுவதில்லை. உடைந்தது முடியோடு வழிந்துபோய் சோப்பில் கரைந்துவிடுகிறது. இதை ஆட்டிப்படைப்பது பெரும்பாலும் ஆண்ட்ரஜன் ஹார்மோன், அதனால்தான் பருவ வயதில் முகப்பரு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முடியும் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

இனி அந்தப் பெண்ணின் புகாருக்கு வருவோம்.

தலையின் மயிர்க்கால் தோலைத் தாண்டிக் கொழுப்புக்குள் இறங்கி, அடியில் ஒரு சிறு வெங்காயம்போல் உருண்டு முடிகிறது. அதன் அடிப்பகுதி உட்குழிந்திருக்கும். குழிக்குள் இரத்தக் குழாய்களோடு ஒரு திசுக்காம்பு நுழைந்திருக்கும். காம்பைப் போர்த்தியிருக்கும் செல்கள்தான் முடியின் பட்டறை. உடம்பிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களில் இவையும் சேர்த்தி. நிறமிச் செல்களும் இங்கேதான் உட்கார்ந்துகொண்டு புதுச் செல்களுக்குக் கருமையை ஊட்டுகின்றன. பிரிந்தவை மேலே தள்ளப்படுகின்றன. நடுவில் போவது முடி, அதைச் சுற்றி வருவது உள்ளுறை. இந்த உள்ளுறை முடியைவிட முந்திக் கெட்டியாகி, இன்னும் இளகலாக இருக்கும் முடிக்கு வடிவம் கொடுத்து, எண்ணெய்ச் சுரப்பி திறக்கும் உயரம் வந்ததும் உதிர்ந்து காணாமல் போகிறது. அதற்குமேல் முடி தனியாக வெளியே வருகிறது, ஒரு செல்கூட உயிரோடு இல்லாமல். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்கிறோமே, சவரக்கத்தி தொடுவது இந்த உயிரற்ற தண்டைத்தான். பட்டறை அதற்கு நான்கு மில்லிமீட்டர் கீழே, வெளியில் நடந்தது எதுவும் தெரியாமல் இருக்கிறது.

முடிக்கு மட்டும் நகத்துக்கு இல்லாத ஒரு சலுகை உண்டு. அது ஓய்வெடுக்கலாம். தலையின் ஒரு மயிர்க்கால் இரண்டிலிருந்து ஆறு ஆண்டு வளர்க்கிறது, மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் அதன் அடிப்பகுதி முழுவதும் செத்துச் சுருங்கி மேலேறுகிறது. உரோமத்தைச் சிலிர்க்கச் செய்யும் தசை வந்து பற்றும் இடம்வரை மட்டும் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் இருக்கும் சிறு புடைப்பில்தான் அடுத்த முடியைக் கட்டி எழுப்பும் மூலச்செல்கள் குடியிருக்கின்றன. 1990இல் கோட்சரேலிஸும் அவருடைய கூட்டாளிகளும் எலியின் தோலில் இதைக் கண்டுபிடிக்கும்வரை எல்லோரும் அந்தச் செல்களை அடியில்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். சுருங்கிய மயிர்க்கால் சுமார் மூன்று மாதம் ஓய்வில் கிடக்கும். பழைய முடி அடியில் ஒரு வெள்ளை முண்டோடு சும்மா செருகப்பட்டிருக்கும். பிறகு புது முடி கீழிருந்து கிளம்ப, பழையது உதிரும்.

சாதாரணமாகத் தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ச்சியில் இருக்கும், மீதி ஓய்வில். டெங்கு மாதிரி ஓர் அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் கணிசமான பங்கு ஒன்றாக வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அன்று ஒரு முடிகூட விழாது. மூன்று மாதம் கழித்து, ஓய்வு முடியும்போது எல்லாம் சேர்ந்து விழும். பிரசவத்துக்குப் பிறகும் இதுவேதான் நடக்கிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காரணம் தவறு, ஆனால் காலக் கணக்கு அச்சாகச் சரி.

“வேரோடு வருது டாக்டர்” என்று அந்தப் பெண் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த முடிகளைக் காட்டுகிறார். நுனியில் இருக்கும் வெள்ளை முண்டைத்தான் வேர் என்கிறார். அது வேர் அல்ல. ஓய்வில் இருந்த முடியின் அடிமுனை அது. உறை இல்லாமல், நிறமி இல்லாமல், குச்சியின் முனைபோல் மழுங்கி இருப்பதே அதற்கு அடையாளம். வேர் தலைக்குள்தான் இருக்கிறது, அடுத்ததை ஆரம்பித்தும் விட்டது. முடி கொட்டுகிறது என்பதே புது முடி கிளம்பிவிட்டது என்பதற்கான அறிகுறி என்றால் நோயாளி நம்ப மாட்டார். நம்ப வைப்பது மருத்துவரின் பாடு. புற்றுநோய் மருந்தால் கொட்டும் முடி வேறு சாதி. அங்கே மயிர்க்கால் ஓய்வுக்குப் போக அவகாசமே இல்லை. வளர்ந்துகொண்டிருக்கும்போதே பட்டறை தாக்கப்படுகிறது, இரண்டு மூன்று வாரத்திலேயே முடி இற்று விழுகிறது. அந்த முடியின் அடி முண்டாக இராது, பென்சில் சீவியதுபோல் மெலிந்து முறிந்திருக்கும்.

நகத்துக்கு ஓய்வு என்பதே இல்லை. பிறப்பதற்கு முன் ஆரம்பித்த வேலையைச் சாகும்வரை நிறுத்துவதில்லை. ஆகவே அதிர்ச்சி வந்தால் அதனால் ஒதுங்கவும் முடிவதில்லை. தடுமாறியபடியே வேலையைத் தொடர்கிறது. தடுமாறியது பொருளில் பதிந்துவிடுகிறது.

நகம் உருவாகும் இடம் நம் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. நகத்தின் அடியில் இருக்கும் தோல் மடிப்புக்குக் கீழே, விரலெலும்பை ஒட்டி, சில மில்லிமீட்டர் பின்னால் அது ஒளிந்திருக்கிறது. அதை நகமூலம் என்று வைத்துக்கொள்வோம். கட்டைவிரலில் வெண்ணிறப் பிறையாக எட்டிப்பார்ப்பது அதன் முன்விளிம்பு மட்டுமே. பிறை நன்றாகத் தெரிந்தால் இரத்தம் அதிகம், தெரியாவிட்டால் சோகை என்பதெல்லாம் பேச்சு. மடிப்பு எவ்வளவு தூரம் மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் பெரும்பாலும் அது. நகமூலத்தின் செல்கள் பிரிந்து, தட்டையாகி, உட்கருவை இழந்து, கெட்டிக் கெரட்டினாகி முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. சாதாரணத் தோலில் செல் சாவதற்கு முன் ஊதாத் துகள்கள் நிறைந்த ஓர் அடுக்கைக் கடக்கும். நகமூலத்தில் அந்த அடுக்கு கிடையாது. செல் நேரடியாகக் கெட்டியாகிறது. இதன் கெரட்டின் முடியின் கெரட்டினுக்கு நெருங்கிய உறவு. இரண்டுக்கும் உறுதியைத் தருவது கந்தகப் பிணைப்புகள், சுண்ணாம்பு அல்ல. நகத்தில் கால்சியம் மிகக் கொஞ்சம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நகமூலத்தின் பின்பாதி செய்வது நகத்தட்டின் மேல்பக்கமாகிறது, முன்பாதி செய்வது அடிப்பக்கமாகிறது. எனவே தவறு எங்கே நேர்ந்தது என்பதை நகத்திலேயே படிக்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் நகத்தில் வரும் வெள்ளைப் புள்ளி, நகத்தின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து தெரியும். முன்பாதியில் சிறிய இடி பட்டு, உட்கருவை முழுதாக இழக்காத செல்கள் தட்டுக்குள் மாட்டிக்கொண்டதே அது. கதவில் இடித்தது மறந்துபோயிருக்கும். கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுப்பவர்கள் பணத்தைத்தான் இழக்கிறார்கள். மேற்பரப்பிலேயே குறுக்குவாட்டில் பள்ளம் விழுந்தால் பின்பாதி சில நாள் தடுமாறியிருக்கிறது. அந்தப் பள்ளத்தைப் பிரெஞ்சு மருத்துவர் ழோசப் பொ 1846இல் விவரித்தார், இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. நகமூலம் முழுவதுமே வேலையை நிறுத்திவிட்டால் பள்ளம் தட்டையே அறுத்துவிடும், பழைய நகம் அடியிலிருந்து கழன்று வரும். கைகால்வாய் நோய் வந்து தேறிய குழந்தைக்கு ஒரு மாதம் இரண்டு மாதம் கழித்து நகம் கழன்று, பெற்றோர் பதறி ஓடிவருவது இதனால்தான். அடியில் புது நகம் வந்துகொண்டிருக்கும், ஒன்றும் செய்ய வேண்டாம்.

இப்போது அந்தப் பெண்ணின் கட்டைவிரல். மருத்துவர் சிறு அளவுகோலை வைக்கிறார். தோல் மடிப்பிலிருந்து பள்ளம் 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. கைநகம் மாதம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், அதாவது நாளுக்கு 0.1 மில்லிமீட்டர் வளரும். அப்படியானால் பள்ளம் மடிப்புக்கு வெளியே வந்து 80 நாள். ஆனால் அது உண்டானது மடிப்புக்கு உள்ளே. மறைந்திருக்கும் அந்தத் தூரத்தைத் தோராயமாக 3 மில்லிமீட்டர் என்று கொண்டால் இன்னொரு 30 நாள் சேர வேண்டும். பிப்ரவரி 20லிருந்து 110 நாள் பின்னால் போனால் நவம்பர் 2. பள்ளத்தின் அகலம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஐந்தாறு நாள் தடுமாற்றம். நுனி பக்கத்து விளிம்பு செங்குத்தாகவும் அடி பக்கத்து விளிம்பு சரிவாகவும் இருக்கிறது. சட்டென்று விழுந்து மெதுவாகத் தேறியிருக்கிறார். மருத்துவரின் கேள்விக்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நம்புவதற்கு முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, எல்லா விரலிலும் பள்ளம் இருக்கிறதா. ஒரே விரலில் மட்டும் என்றால் அது காய்ச்சல் அல்ல, அந்த விரலுக்கு நேர்ந்த அடியோ, ஆறிப்போன நகச்சுத்தியோ, நகக்கண்ணை எப்போதும் நோண்டும் பழக்கமோ. நடுவிரல் நகம் கட்டைவிரலைவிடச் சற்று வேகமாக வளரும் என்பதால் அங்கே பள்ளம் கொஞ்சம் தள்ளியிருக்கும். அப்படி இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். இரண்டாவது, கோடு நகர்கிறதா. இரத்தத்தில் அல்புமின் குறைந்தவர்களுக்கு இரண்டு வெளிறிய குறுக்குப் பட்டைகள் தெரியும். அவை நகத்தில் இல்லை, அடியில் இருக்கும் நகப்படுக்கையில் இருக்கின்றன. நகத்தை அழுத்தினால் மறையும், மாதக்கணக்கில் பார்த்தாலும் நகராது. ஆர்சனிக் நஞ்சு விடும் வெள்ளைக் கோடு அழுத்தினால் மறையாது. நகத்தோடு சேர்ந்து முன்னே போகும். ‘நகமும் சதையும் போல’ என்று பிரியாத உறவுக்குச் சொல்கிறோம். கோட்டைப் படிக்க வேண்டியவர் முதலில் செய்ய வேண்டியது அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

மூன்றாவது சந்தேகம் அந்த 0.1 மீதே. அது பொதுச் சராசரி. வில்லியம் பென்னெட் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1941இல் தன் இடது கட்டைவிரல் நகத்தின் அடியில் அரத்தால் ஒரு கீறல் போட்டு, அது நுனியை அடைய எத்தனை நாள் ஆகிறது என்று குறிக்கத் தொடங்கினார். கீறல் போய்ச் சேர்ந்ததும் அடுத்த கீறல். முப்பத்தைந்து ஆண்டு இதை விடாமல் செய்து, அவ்வப்போது சிறு கட்டுரைகளாக வெளியிட்டு, கடைசி அறிக்கையை 1980இல் அச்சேற்றினார். கருவி ஓர் அரம், ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவர், அதுவும் ஆய்வாளரே. மருத்துவ இதழ்களில் நான் மிகவும் விரும்பிப் படித்த தொடர்களில் இதுவும் ஒன்று. அவருக்கு 32 வயதானபோது நகம் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது, 67 வயதில் 0.095. கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் 13 மில்லிமீட்டர் நகத்தைக் கடக்க இளமையில் 106 நாள் எடுத்துக்கொண்ட கீறல், முதுமையில் 137 நாள் எடுத்துக்கொண்டது. ஒரே மனிதன், ஒரே விரல், ஒரு மாத வேறுபாடு.

இறந்த பிறகும் நகம் வளரும் என்ற நம்பிக்கையை இந்த எண்கள் ஓசையில்லாமல் தள்ளிவிடுகின்றன. பிரியும் செல்லுக்கு இரத்தம் வேண்டும். அது நின்றபின் நாளுக்கு 0.1 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. தோல் உலர்ந்து பின்வாங்குவதால் மடிப்புக்குள் ஒளிந்திருந்த நகம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் 8 மில்லிமீட்டர், பீனின் இளமை வேகத்தில் 65 நாள் ஆகிறது, முதுமை வேகத்தில் 84. பீனின் இளமை வேகம் கொண்டவரிடம் சராசரியை அப்படியே போட்டால் காய்ச்சலின் தேதி சில வாரம் பிசகும். கவனமுள்ள மருத்துவர் ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி அதே பள்ளத்தை மறுபடி அளப்பார், அப்போது கிடைப்பது அந்த நோயாளியின் சொந்த வேகம். மார்ச் 20இல் பள்ளம் 11 மில்லிமீட்டரில் இருந்தால் கணக்கு சரி. அதற்குள் முன்நெற்றியோரம் குட்டி முடிகள் ஒரே நீளத்தில் நிமிர்ந்து நிற்கத் தொடங்கியிருக்கும், கொட்டுவதும் குறையும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ பள்ளம் நகவெட்டிக்குப் போய்விடும். காலின் பெருவிரல் நகத்துக்கு மாத வேகம் ஒரு மில்லிமீட்டர்தான். கைவிரலில் பள்ளம் காணாமல் போகும் சமயத்தில் அங்கே அது மடிப்பிலிருந்து எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கும். அதை வெட்டி எறிய அடுத்த டெங்குப் பருவம் தாண்டிவிடும். இடையில் வேறொரு காய்ச்சல் வந்தால் பின்னாலேயே இரண்டாவது கோடும் கிளம்பும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் மில்லிமீட்டர்களை எண்ணினால் அது எத்தனை மாத இடைவெளி என்று தெரிந்துவிடும்.